வங்கியில் கழிவு செய்த உண்டியல் திரும்பி வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் சில கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். மாலையில் உயர்தரப் பிள்ளைகளுக்குக் கணக்கீடும் சொல்லிக் கொடுக்கிறேன். கடைக்காரர்களும் பிள்ளைகளும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்ட உண்டியலை வங்கியில் கொடுத்துக் காசு வாங்கியாயிற்று. தவணை நாளில் அவர் கட்டவில்லை. அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதியிருக்கிறேன்.

முழுப் பக்கத்துக்கும் ஒரே உதாரணம். கணக்கு வசதிக்காக நான் கட்டியது. யாழ்ப்பாண நகரில் மீன்பிடி வலையும் கயிறும் மொத்தமாக விற்கும் ஒரு கடை, பருத்தித்துறையில் உள்ள ஒரு கடைக்கு ஒக்டோபர் 10 அன்று 600,000 ரூபாவுக்குச் சரக்கு அனுப்புகிறது. அன்றே மூன்று மாதத் தவணைக்கு உண்டியல் எழுதப்படுகிறது, பருத்தித்துறைக்காரர் ஏற்றுக்கொள்கிறார். நவம்பர் 10 அன்று நகரக் கடை அதை வங்கியில் கழிவு செய்கிறது: தவணை வரையான வட்டியைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை வங்கி அன்றே தருகிறது. ஜனவரி 10 தவணை நாள். அப்போது வாடைக்காற்று. கடல் கொந்தளிக்கிறது, படகுகள் கரையில் கிடக்கின்றன, வலை வாங்க ஆள் இல்லை. உண்டியலுக்குப் பணம் வரவில்லை.

உண்டியல் என்றால் காசோலை மாதிரித்தானே? முன்கூட்டியே திகதி போட்ட காசோலை வாங்கினால் போதாதா?

காசோலை, வங்கிக்கு எழுதும் கட்டளை. மாற்றுண்டியல், விற்றவர் வாங்கியவருக்கு எழுதும் கட்டளை: 'இந்தத் திகதியில் இவ்வளவு பணத்தை எனக்கோ என் கட்டளைப்படியோ செலுத்தவும்.' வாங்கியவர் அந்தத் தாளின் குறுக்கே 'ஏற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையொப்பமிடும்வரை அவர் அந்தத் தாளுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். கையொப்பம் விழுந்த பிறகு அவரே முதற் பொறுப்பாளி.

நம் ஊர்க் கடைகளில் பின்திகதிக் காசோலைதான் அதிகம் புழங்குகிறது என்பது உண்மை. ஆனால் தவணை வரும் முன்பே வங்கியில் பணமாக்க வேண்டுமானால், வாங்கியவர் கடனை ஒப்புக்கொண்டு கையொப்பமிட்ட உண்டியல் அதற்கென்றே அமைந்த பத்திரம். இலங்கையில் இதற்கான சட்டம் 1927ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க மாற்றுண்டியல் கட்டளைச் சட்டம்.

இந்தியப் புத்தகத்தில் 'பற்று' என்கிறார்கள், நீங்கள் 'வரவு' என்கிறீர்கள். எது சரி?

இரண்டும் சரி, இரண்டையும் கலப்பதுதான் பிழை. நாம் வரவு, செலவு என்று எழுதும் இரு பக்கங்களைத் தமிழ்நாட்டுப் புத்தகங்கள் பற்று, வரவு என்று எழுதுகின்றன. அவர்களுடைய 'வரவு' நம்முடைய 'செலவு'. இணையத்தில் கிடைத்த இந்தியப் பாடத்தைப் பார்த்து எழுதி, பதிவுகள் அத்தனையையும் தலைகீழாக்கி வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பக்கத்தில் இலங்கை வழக்கு மட்டுமே: வரவு இடப்பக்கம், செலவு வலப்பக்கம்.

அந்தப் புத்தகங்களில் தவணையுடன் மூன்று சலுகை நாட்களையும் சேர்ப்பார்கள். நம் உதாரணத்தில் ஜனவரி 10 என்று முதிர்வுத் திகதியே தரப்பட்டிருக்கிறது. அதன்மேல் எதையும் கூட்டாதீர்கள்.

அவர் கையொப்பம் மட்டும்தான் வைத்தார், காசு தரவில்லை. ஏன் அவருடைய கணக்கை மூட வேண்டும்?

கடன் மறையவில்லை, உருவம் மாறியிருக்கிறது. ஒக்டோபர் 10 காலையில் அது கடைப் புத்தகத்தில் உள்ள வெறும் கடன்; மாலையில் திகதியும் கையொப்பமும் உள்ள தாள். தாளைக் கைமாற்றலாம், புத்தகக் கடனை அப்படிச் செய்ய முடியாது. அதனால்தான் வேறு கணக்கு.

விற்பனையின்போது கடன்பட்டோர் கணக்கு வரவு 600,000, விற்பனைக் கணக்கு செலவு 600,000. ஏற்றுக்கொண்டதும் வருமதி உண்டியல் கணக்கு வரவு 600,000, கடன்பட்டோர் கணக்கு செலவு 600,000. பருத்தித்துறைக்காரரின் கணக்கில் இப்போது மீதி எதுவும் இல்லை. இந்த வெறுமை தற்காலிகமானது என்பதை நினைவில் வையுங்கள். ஜனவரியில் அந்தப் பக்கத்தை மறுபடி திறக்கப் போகிறோம்.

கழிவை மாதக் கணக்கில் போடுவதா, நாள் கணக்கிலா?

பரீட்சைக் கேள்வி மாதத்தில் தந்தால் மாதம். வங்கி நாளில்தான் கணக்கிடும். ஆண்டுக்கு 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நவம்பர் 10 முதல் ஜனவரி 10 வரை இரண்டு மாதம்: 600,000 ரூபாவுக்கு ஓராண்டுக் கழிவு 90,000, அதில் ஆறில் ஒரு பங்கு 15,000. நாளாக எண்ணினால் 61 நாள், கழிவு 15,041 ரூபா. வேறுபாடு 41 ரூபாதான். ஆனால் புத்தகத்தில் 15,000 என்று மதிப்பிட்டு எழுதிவிட்டு, வங்கிக் கூற்றுடன் ஏன் பொருந்தவில்லை என்று ஒரு பின்னேரம் முழுவதும் தேடுவதற்கு அந்த 41 ரூபா போதும். கடைக் கணக்கில் எப்போதும் வங்கி உண்மையில் பிடித்த தொகையை எழுதுங்கள். இங்கே எளிமைக்காக 15,000 என்றே போகிறேன்.

கழிவு, உண்டியலின் முகத் தொகை மீது போடப்படுகிறது. கையில் கிடைக்கும் தொகை மீது அல்ல. பதிவு: வங்கிக் கணக்கு வரவு 585,000, உண்டியல் கழிவுக் கணக்கு வரவு 15,000, வருமதி உண்டியல் கணக்கு செலவு 600,000.

உண்டியலை வங்கிக்கு விற்றாயிற்று, காசும் வந்துவிட்டது. இனி அது வங்கியின் தலைவலிதானே?

இந்தப் பக்கத்தை எழுத வைத்ததே இந்தக் கேள்விதான். உண்டியலை வங்கியிடம் கொடுக்கும்போது அதன் பின்பக்கத்தில் நகரக் கடைக்காரர் கையொப்பமிடுகிறார். அந்தக் கையொப்பம் இரண்டு வேலை செய்கிறது: பணம் பெறும் உரிமையை வங்கிக்கு மாற்றுகிறது, ஏற்றவர் கட்டாவிட்டால் நான் கட்டுவேன் என்ற வாக்கையும் தருகிறது. உண்டியலை எழுதியவர் என்ற முறையில் முன்பக்கத்திலும் அவர் ஏற்கெனவே அதே பொறுப்பைச் சுமக்கிறார். தாள் கைமாறியது, கையெழுத்து அவரோடுதான் இருக்கிறது.

'என்னிடம் திரும்பி வரக்கூடாது' என்று எழுதிக் கையொப்பமிடச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் வலைக் கடைக்காரரின் உண்டியலை அந்த நிபந்தனையோடு 15 சதவீதத்துக்கு எந்த முகாமையாளரும் எடுத்துக்கொள்வார் என்று எதிர்பார்க்காதீர்கள். வங்கி பருத்தித்துறைக்காரரைப் பார்த்துக் காசு தரவில்லை. தன் வாடிக்கையாளரான நகரக் கடைக்காரரைப் பார்த்துத்தான் தந்தது.

வங்கி எனக்குத் தந்தது 585,000. திரும்பிப் போனால் அதைத்தானே பிடிக்க வேண்டும்? ஏன் 600,000 பிடித்தது?

வங்கி பிடித்தது 600,000 கூட அல்ல, நம் உதாரணத்தில் 601,500. முதலில் 600,000 ஐப் பார்ப்போம். ஜனவரி 10 அன்று வங்கிக்கு வர வேண்டியிருந்தது உண்டியலின் முகத் தொகை முழுவதும். 585,000 நவம்பர் 10 அன்றைய பெறுமதி. அந்தப் பணத்தை இரண்டு மாதம் நீங்கள் பயன்படுத்திவிட்டீர்கள். அதற்கான விலைதான் 15,000. உண்டியல் மறுக்கப்பட்டதால் அந்த இரண்டு மாதங்கள் இல்லாமற் போய்விடவில்லை. வங்கி 585,000 மட்டும் பிடித்தால் உங்களுக்கு வட்டியில்லாக் கடன் தந்ததாகிவிடும்.

மிகுதி 1,500 நொத்தாரிசுக் கட்டணம். கொஞ்சம் கீழே வருகிறது. பதிவு ஒன்றே ஒன்று: கடன்பட்டோர் கணக்கு வரவு 601,500, வங்கிக் கணக்கு செலவு 601,500. மேலே வெறுமையாக்கிய பருத்தித்துறைக்காரரின் பக்கம் மறுபடி திறக்கிறது, முன்பைவிட 1,500 ரூபா கூடுதலாக.

பதிவைவிடக் கடைக்காரரை அடிப்பது வேறொன்று. வங்கி உங்கள் அனுமதி கேட்டு இதைப் பிடிப்பதில்லை. நடைமுறைக் கணக்கில் நேராகக் கை வைக்கிறது. அன்று கணக்கில் 210,000 ரூபாதான் இருந்தது என்றால், 391,500 மேலதிகப்பற்று. மேலதிகப்பற்று வசதி இல்லாவிட்டால், கொழும்பில் வலை வாங்கியதற்கு நீங்கள் கொடுத்த காசோலையும் அதே வாரத்தில் திரும்பும். ஆகவே கழிவு செய்த உண்டியலின் முதிர்வுத் திகதியை நாட்காட்டியில் குறித்து, ஒரு வாரம் முன்பே ஏற்றவருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டுவிடுங்கள்.

சரி, அந்த 15,000 ஐயாவது அவருடைய கணக்கில் ஏற்றலாமா? அவர் கட்டாததால்தானே நட்டம்?

முடியாது. அவர் ஜனவரி 10 அன்று ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் அந்த 15,000 உங்கள் செலவுதான். மூன்று மாதம் பொறுப்பதாகச் சொன்னவர் நீங்கள்; ஒரு மாதத்தில் காசு தேவைப்பட்டதும் உங்களுக்கே. அவர் கட்டாததால் உண்டான செலவு நொத்தாரிசுக் கட்டணமும் ஜனவரி 10க்குப் பிந்திய வட்டியும் மட்டுமே. அவற்றைக் கேட்கச் சட்டத்திலும் இடமிருக்கிறது.

பரீட்சைத் தாள்களில் கழிவுக் கணக்கையும் புரட்டிப் போட்டு, கடன்பட்டோருக்கு 616,500 வரவு வைத்தவர்களும் உண்டு. புள்ளி போவது இருக்கட்டும்; கடையில் அப்படி ஒரு சிட்டையை அனுப்பினால் வாடிக்கையாளரே போவார்.

நொத்தாரிசு இங்கே எங்கிருந்து வந்தார்? காணி எழுதவா?

உண்டியல் மறுக்கப்பட்டதற்குச் சாட்சி வைக்க வந்தார். வங்கி கேட்டுக்கொண்டால், நொத்தாரிசு உண்டியலை ஏற்றவரிடம் மீண்டும் முன்வைப்பார். பணம் கிடைக்காவிட்டால் உண்டியலிலேயே திகதியையும் தம் கட்டணத்தையும் குறித்துச் சுருக்கொப்பமிடுவார். கிடைத்த பதிலை ஒரு சிறு துண்டில் எழுதி அதோடு இணைப்பார். ஒருமுறை என் மேசைக்கு வந்த உண்டியலில் அந்தத் துண்டு குண்டூசியால் குத்தியிருந்தது. அதில் இருந்தது ஒரே வரி: 'இப்போது பணம் இல்லை.'

உள்நாட்டு உண்டியலுக்கு இது கட்டாயமில்லை. வெளிநாட்டு உண்டியல் என்றால் நொத்தாரிசு முறைப்படி எழுதும் மறுப்புச் சான்றும் வேண்டும். கட்டணத்தை முதலில் வங்கி கொடுக்கும், வங்கி உங்களிடம் பிடிக்கும், நீங்கள் ஏற்றவரின் கணக்கில் ஏற்றுவீர்கள். அது உங்கள் செலவுக் கணக்கைத் தொடுவதே இல்லை.

வங்கிக் கூற்றில் திடீரென்று ஒரு பெரிய தொகை பிடிபட்டிருக்கிறது. அது உண்டியல்தான் என்று எப்படிக் கண்டுகொள்வது?

முகத் தொகையோடு ஒரு சில்லறைத் தொகை சேர்ந்திருந்தால், அல்லது ஒரே நாளில் இரண்டும் தனித்தனி வரிகளாக இருந்தால், முதலில் உண்டியல் பதிவேட்டைப் பாருங்கள். நான் தொழிலுக்கு வந்த புதிதில் இப்படி ஒரு வரியைக் கடன் தவணை என்று எண்ணி வங்கிக் கடன் கணக்கில் வரவு வைத்துவிட்டேன். வங்கி அனுப்பிய கடிதம் கடை மேசை இலாச்சிக்குள் கிடந்தது. யாரும் என்னிடம் தரவில்லை. வங்கி இணக்கக் கூற்று அழகாகப் பொருந்தியது. இரண்டு மாதம் கழித்து முதலாளி, 'அவரிடம் நமக்கு ஒன்றும் வரவேண்டியதில்லைத்தானே?' என்று கேட்டபோது நானும் புத்தகத்தைப் பார்த்து 'இல்லை' என்றேன். அவர் அந்த வாடிக்கையாளருக்கு இன்னொரு லொறிச் சரக்கைக் கடனில் அனுப்பிவிட்டார்.

அன்றிலிருந்து உண்டியல் பதிவேட்டில் ஒரு நிரல் கூட வைத்திருக்கிறேன்: கழிவு செய்த உண்டியல் முதிர்வு நாளில் கட்டப்பட்டதா என்று நானே கேட்டு எழுதும் நிரல். வங்கி பேசாமல் இருப்பதை மட்டும் நம்பி அதில் 'கட்டப்பட்டது' என்று எழுதுவதில்லை.

திரும்பி வந்தது உண்டியல்தானே? வருமதி உண்டியல் கணக்கிலேயே வரவு வைத்தால் என்ன?

அந்தக் கணக்கில் இருப்பவை இனிமேல் முதிரப்போகும் தாள்கள். திரும்பி வந்தது தவணை தாண்டி மறுக்கப்பட்ட தாள். அதை எந்த வங்கியும் கழிவு செய்யாது. வருமதி உண்டியலில் வைத்தால், கையில் 600,000 ரூபாவுக்கு நல்ல உண்டியல் இருக்கிறது என்று உங்கள் ஐந்தொகை பொய் சொல்லும். ஆள் மேல் எழுத வேண்டும்.

எதிர்ப்பக்கம் எப்படி? பருத்தித்துறைக்காரரின் புத்தகத்தில் கழிவை எங்கே எழுதுவது?

எங்கும் எழுதுவதில்லை. நீங்கள் அதை வங்கியில் வைத்தீர்களா, பெட்டிக்குள் வைத்தீர்களா என்பது அவர் புத்தகத்துக்குத் தேவையில்லாத செய்தி. ஏற்றபோது கடன்கொடுத்தோர் கணக்கு வரவு, சென்மதி உண்டியல் கணக்கு செலவு 600,000. மறுத்தபோது சென்மதி உண்டியல் கணக்கு வரவு 600,000, நொத்தாரிசுக் கட்டணம் வரவு 1,500, கடன்கொடுத்தோர் கணக்கு செலவு 601,500. அந்த 1,500 செலவாக நிற்பது அவர் புத்தகத்தில்தான்.

'பொங்கல் போகட்டும், கொஞ்சம் தருகிறேன், மிச்சத்துக்குப் புது உண்டியல் எழுதுங்கள்' என்கிறார். எப்படி எழுதுவது?

கடல் அடங்கினால் வியாபாரம் திரும்பும் என்று நீங்கள் நம்பினால் இது மோசமான ஏற்பாடு அல்ல. அவர் 201,500 ரொக்கமாகத் தருகிறார்; மிகுதி 400,000. அதற்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியில் இரண்டு மாதத் தவணை என்று பேசிக்கொண்டால் வட்டி 12,000. புதிய உண்டியல் 412,000 ரூபாவுக்கு.

பழைய உண்டியல் மறுக்கப்பட்ட பதிவு, நாம் மேலே போட்டது, முதலில் இருக்க வேண்டும். 'எப்படியும் புதிது எழுதுகிறோமே' என்று அதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு சிக்குகிறார்கள். அதன்பின் காசுக் கணக்கு வரவு 201,500, கடன்பட்டோர் செலவு. அடுத்து கடன்பட்டோர் வரவு 12,000, வட்டி வருமானம் செலவு. கடைசியாக வருமதி உண்டியல் வரவு 412,000, கடன்பட்டோர் செலவு. சரிபார்க்க அவர் பக்கத்தைக் கூட்டுங்கள்: வரவில் 601,500 உம் 12,000 உம் சேர்ந்து 613,500, செலவில் 201,500 உம் 412,000 உம் சேர்ந்து அதே 613,500. வட்டியை எழுத மறந்தால் கணக்கு சரியாக 12,000 ரூபாவால் முட்டும். பிழை எது என்று தேடவே வேண்டாம்.

வலை பழுதாம், அதனால்தான் கட்டவில்லையாம். வங்கியிடம் அப்படிச் சொல்ல முடியுமா?

வங்கியிடம் சொல்லிப் பயனில்லை. முதிர்வுக்கு முன், நல்லெண்ணத்தோடு, பெறுமதி கொடுத்து, குறை எதுவும் தெரியாமல் உண்டியலை வாங்கியவருக்குச் சட்டம் தனிப் பாதுகாப்புக் கொடுக்கிறது. வலையின் கண் அளவு பிழை, நைலோன் அறுந்தது என்பதெல்லாம் விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையிலான சண்டை. வங்கி விரும்பினால் பருத்தித்துறைக்காரர் மேலேயே வழக்குப் போடலாம். அங்கே வலை பேசப்படாது.

நடைமுறையில் வங்கி அவ்வளவு தூரம் போவதில்லை. உங்கள் கணக்கில் பிடித்துக்கொண்டு உண்டியலை உங்களிடம் திருப்பிவிடும். அந்த நிமிடத்தில் நிலைமை மாறுகிறது. நீங்கள் வழக்குக்குப் போனால் எதிரே நிற்பவர் உங்களிடம் நேரே சரக்கு வாங்கியவர். அவர் வலையைப் பற்றிப் பேசலாம். வங்கியின் கையில் அசைக்க முடியாததாக இருந்த தாள், உங்கள் கைக்கு வந்ததும் வாதத்துக்கு உட்பட்டதாகிறது. முறைப்பாடு உண்மையானால், பொருள் திருப்பியதற்கோ விலைக் குறைப்புக்கோ தனிப் பதிவு போடுங்கள்; மறுப்புப் பதிவோடு அதைக் கலக்க வேண்டாம்.

வங்கி எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் அறிவித்தது. அப்போதும் நான் கட்ட வேண்டுமா?

இங்கே உங்களுக்கு ஒரு பிடி இருக்கிறது. உண்டியலை உரிய நாளில் ஏற்றவரிடம் முன்வைப்பதும், மறுக்கப்பட்டால் நியாயமான காலத்துக்குள் எழுதியவருக்கு அறிவிப்பதும் உண்டியலை வைத்திருப்பவரின் கடமை. விளக்கமில்லாத தாமதத்தால் எழுதியவர் பொறுப்பிலிருந்து விடுபடலாம். காரணம் எளிது: ஜனவரி 11 அன்றே தெரிந்திருந்தால் நீங்கள் பருத்தித்துறைக்கு பஸ் ஏறியிருப்பீர்கள், மூன்று வாரத்தில் அவர் இருந்த சரக்கையும் விற்றுவிட்டிருக்கலாம்.

ஆனால் கழிவு வசதி பெறும்போது நீங்கள் வங்கியில் கையொப்பமிட்ட படிவத்தையும் எடுத்துப் பாருங்கள். அறிவித்தல் தேவையில்லை என்று ஒப்புக்கொள்ளும் வாசகம் அதில் இருக்கக்கூடும். சட்டம் அந்த விட்டுக்கொடுப்பை ஏற்கிறது. ஏற்றவர் இந்த வாதத்தைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. தான் கட்டவில்லை என்று அவருக்கு யாரும் அறிவிக்கத் தேவையில்லை.

எங்கள் கணக்காண்டு டிசம்பர் 31 முடிகிறது. உண்டியல் ஜனவரியில்தான் முதிர்கிறது. ஐந்தொகையில் என்ன காட்டுவது?

பள்ளிக்கூடத்து விடை: வருமதி உண்டியல் புத்தகத்தை விட்டுப் போய்விட்டது; ஆனால் திரும்பி வரும் ஆபத்து உண்டு; ஆகவே குறிப்பில் 'கழிவு செய்த உண்டியல்கள் 600,000: நிகழத்தகு பொறுப்பு' என்று எழுதுங்கள். சிறு கடைகளின் கணக்கும் இப்படித்தான் எழுதப்பட்டு வருகிறது.

இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 9 ஐப் பின்பற்றும் கம்பனியானால் விடை வேறு. உண்டியலின் ஆபத்து முழுவதும் உங்களிடமே இருப்பதால், அதை விற்றதாகவே கொள்ள முடியாது. 600,000 சொத்தாக நிற்கும். வங்கியிடம் வாங்கியது கடன். நவம்பர் 10 அன்று அந்தக் கடன் 585,000. டிசம்பர் 31 வரை 51 நாள் வட்டி 12,541 சேர்ந்து 597,541. மிச்சம் 2,459 ஜனவரிக்குரிய செலவு. எனக்கு இந்த முறைதான் நேர்மையாகப் படுகிறது. 'இனி எனக்கென்ன' என்று கேட்டவருக்கு, அவர் வாங்கியது கடன் என்பதை இது முகத்துக்கு நேரே சொல்கிறது.

இன்னொரு நுணுக்கம். ஜனவரி 10 அன்று மறுக்கப்பட்டது, கணக்கு பெப்ரவரியில்தான் அங்கீகரிக்கப்படுகிறது என்றால், இந்தச் செய்தி கடந்த ஆண்டுக்கும் உரியதா? பருத்தித்துறைக்காரர் டிசம்பரிலேயே தள்ளாடிக்கொண்டிருந்தார் என்றால், ஆம். ஆண்டு முடிவில் இருந்த நிலையையே மறுப்பு உறுதிப்படுத்துகிறது, ஏற்பாடு வைக்க வேண்டும். டிசம்பரில் நன்றாக இருந்து, ஜனவரி 5 அன்று கடை தீப்பிடித்ததால் கட்டவில்லை என்றால், அது புதிய ஆண்டின் நிகழ்வு. தொகை பெரிதானால் குறிப்பு போதும்.

ஆளே முறிந்துவிட்டார். ரூபாவுக்கு 40 சதம்தான் கிடைக்கும் என்கிறார்கள். எதன் மேல் 40 சதம்?

601,500 மேல். மறுப்புப் பதிவைச் சரியாகப் போட்டிருந்தால் இந்தக் கேள்வியே எழாது. அவருடைய பக்கத்தின் மீதி அதுதான். கிடைப்பது 240,600, அறவிடமுடியாக் கடன் 360,900. உண்டியல் கழிவு 15,000 இதில் சேராது; அது போன ஆண்டே நிதிச் செலவாகப் போய்விட்டது, அல்லது நியமம் 9 படி இரண்டு ஆண்டுகளுக்கும் பிரிந்துவிட்டது.

மறுக்கப்பட்ட உண்டியல் கையில் இருக்கிறது. கணக்கில் ஏற்றியாயிற்று. இனி அந்தத் தாள் எதற்கு, கிழித்துவிடலாமா?

தொடாதீர்கள். காலாவதிக் கட்டளைச் சட்டப்படி, விற்று ஒப்படைத்த பொருளுக்கான பணத்துக்கும் கடைப் புத்தகக் கடனுக்கும் வழக்குத் தொடர ஓராண்டுதான். மாற்றுண்டியலுக்கு ஆறு ஆண்டுகள். உங்கள் பேரேட்டில் உள்ள 601,500 ஐ மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாம் ஆண்டு சட்டத்தரணியிடம் போனால் அவர் முதலில் கேட்பது, 'உண்டியல் எங்கே?'

காலம் மட்டுமல்ல, வழக்கின் வேகமும் அந்தத் தாளில்தான் இருக்கிறது. உண்டியல், காசோலை போன்றவற்றுக்குக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் சுருக்க நடைமுறை உண்டு. அதில் எதிராளி நினைத்தபடி மறுமொழி போட முடியாது, தோன்றி வாதாடவே நீதிமன்றத்திடம் அனுமதி கேட்க வேண்டும். அதற்கு மூல உண்டியல் வேண்டும், நிழற்படப் பிரதி போதாது. புதிய உண்டியல் எழுதும்போதும் பழையதைப் புதியது கையில் கிடைத்த பின்பே, 'புதுப்பிக்கப்பட்டது' என்று குறித்துத் திருப்பிக் கொடுங்கள். அதுவரை நொத்தாரிசின் துண்டோடு, குண்டூசியைக்கூடக் கழற்றாமல், பெட்டகத்தில் இருக்கட்டும்.